அமைதி முகத்தில் எல்லாக் கிளிப்பும்

அந்த வகுப்பறைக்குள் நுழைய ஆயாவுக்குப் பிடிக்காமல் போனது பிள்ளைகள் போட்ட சத்தத்தால் அல்ல, சத்தமே இல்லாததால். தரை துடைக்க வாளியோடு வாசலில் நிற்பாள். உள்ளே நாலு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும். இருபது முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும்.

"டீச்சர், உள்ள பிள்ளைங்க இருக்காங்களா இல்லையான்னே தெரியல. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு," என்றாள் ஒருநாள்.

"பழகலைல்ல, அதான் அப்படி இருக்கு ஆயா," என்று சிரித்தாள் டீச்சர். அவள் முகத்திலும் அதே சிரிப்புதான்.

இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் அப்பாவுக்கு எப்போதும் இரவு வேலை. பகல் முழுக்க அவர் தூங்குவார், வீடு மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். தட்டு உரசினால் அம்மாவின் கண் உருளும். அழுகை வந்தால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்ள வேண்டும். சத்தமில்லாமல் அழ அவள் ஐந்து வயதிலேயே கற்றுவிட்டாள். அதற்காக அவளை மெச்சாத உறவு கிடையாது. பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரே சொன்னது. அவளும் நம்பிவிட்டாள். அவளுக்கு அமைதியான பிள்ளையும் நல்ல பிள்ளையும் ஒன்றுதான்.

அந்த வருடம் மழலையர் வகுப்புகளுக்கு உணர்வுப் பாடம் வந்தது. டீச்சர் அதை உயிரைக் கொடுத்துச் செய்தாள். தனித்தனி அட்டைகளில் ஆறு முகங்கள் வரைந்து சுவரில் ஒட்டினாள்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வெட்கம், அமைதி. ஆளுக்கொரு துணி கிளிப். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கிளிப்பில் பெயருக்குப் பதில் படம். ஒருத்திக்குக் குடை, ஒருத்தனுக்கு மீன், இன்னொருத்தனுக்கு ஆமை. சில நாளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்தப் பெயர்களிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் வந்ததும் கைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, எந்த முகமோ அதில் கிளிப்பை மாட்ட வேண்டும்.

மூச்சுப் பயிற்சியையும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கையை மூடிப் பிடித்தால் பூ. மறு கையில் நீட்டிய விரல் மெழுகுவத்தி. பூவை மூக்கால் மெதுவாக மோந்து, மெழுகுவத்தியை அதைவிட மெதுவாக ஊத வேண்டும், சுடர் அணையக் கூடாது, ஆடினால் போதும். பிள்ளைகள் குதூகலமாக இருக்கும் நேரத்திலேயே தினமும் பழக்கினாள். அழும்போது மட்டும் கற்றுக்கொடுத்தால் மண்டையில் ஏறாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் கோட்டை விட்டது பாடத்தோடு வந்த கதையில். நண்டுக்குட்டி ஒன்று மணலில் வீடு கட்டுகிறது. அலை வந்து அடித்துப் போகிறது. நண்டுக்குட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. உடனே பூவை மோந்து மெழுகுவத்தியை ஊதுகிறது, சிரிக்கிறது, கடற்கரையே கைதட்டுகிறது. கொடுத்திருந்த பாடத்தில் நடுவில் ஒரு படி உண்டு: நண்டுக்குட்டி அம்மாவிடம் போய், 'எனக்குக் கோபமா இருக்கு, என் வீடு போச்சு' என்று சொல்ல வேண்டும். அது இழுவையாக இருக்கிறதென்று டீச்சர் அந்தப் படியைத் தூக்கிவிட்டாள். போதாததற்கு, அமைதி முகத்தில் கிளிப் மாட்டியவர்களின் நெற்றியில் ஒரு நட்சத்திரமும் ஒட்டினாள்.

பிள்ளைகள் என்ன முட்டாள்களா? ஒரு மாதம்கூட ஆகவில்லை, இருபது கிளிப்பும் அமைதியில் தொங்கின. அந்த அட்டை மட்டும் விரல் அழுக்கேறிக் கறுத்தது. மற்ற ஐந்து முகங்களும் புத்தம் புதிதாக, தொடுவாரில்லாமல் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

பள்ளியை நடத்துகிற பெரிய டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்ற வகுப்பு டீச்சர்களை அழைத்து வந்து வாசலில் நிறுத்தி, "பாருங்க, பிள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்," என்றாள்.

மைதானத்தில் ஆமை விழுந்து முட்டி கிழிந்தது. காலுறை வரை ரத்தம் வழிய, விரலை ஊதிக்கொண்டே நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். ஆயாதான் பதறிப்போய்க் கட்டுப்போட்டாள். மீனின் அம்மா மாலையில் வாசலில் தயங்கி நின்றாள்.

"இவன் இப்பல்லாம் வீட்டுலயும் அழறதே இல்ல டீச்சர்."

"நல்ல விஷயம்தானே?"

"நல்லதுதான். ஆனா ராத்திரில திடீர்னு எழுந்து உட்கார்ந்து சுவத்தைப் பார்த்து ஊதிட்டு இருக்கான். என்னடான்னு கேட்டா சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எங்க வீட்டுல யாரு சிரிப்பு மாதிரியும் இல்ல."

டீச்சர் அவள் தோளைத் தட்டி அனுப்பினாள். உள்ளே வந்தபோது கைக்கண்ணாடிகளுக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரிலிருந்த அமைதி முகத்தைப் பார்ப்பதும், விரலால் தங்கள் வாயின் இரு ஓரத்தையும் தூக்கி வைப்பதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தார்கள். அவள் வந்ததும் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். டீச்சருக்குப் பயமாகிவிட்டது. அதையும் ஒரு மூச்சில் ஊதித் தள்ளிவிட்டாள், பழக்கம்.

கை கழுவப் போகும் நேரத்தில்தான் அது நடந்தது. கழுவும் அறைக்கு ஸ்பிரிங் வைத்த கனமான கதவு. திறந்துவிட்டால் தானே வந்து அறையும். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். டீச்சர் வராந்தாக் கோடியில் ஒருத்தனுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டிருந்தாள். கதவு அறைந்த சத்தம் கேட்டது. அது தினமும் கேட்கிற சத்தம்தான், அவள் திரும்பவில்லை.

பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லிய காற்றுச் சத்தம். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, எல்லாம் ஒரே சீராக. வரிசை முழுக்கக் கதவைப் பார்த்து நின்று, விரலை நீட்டி, சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தது. யார் முகத்திலும் கலக்கம் இல்லை.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

யாரும் ஊதுவதை நிறுத்தவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து பார்த்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, கீல் இருக்கிற பக்கத்து இடுக்கில், குடையின் இடது கை மாட்டியிருந்தது. குடை சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது, நெற்றியில் ஒட்டிய நட்சத்திரம் வியர்வையில் வழுக்கிப் புருவத்துக்கு இறங்கியிருந்தது. மற்ற கையின் விரலை நிமிர்த்தி, சுடர் அணையாதபடி ஊதிக்கொண்டிருந்தாள். வாயின் இரண்டு ஓரமும் மேலே தூக்கியிருந்தன.

"டீச்சர், நான் அழல," என்றாள்.

டீச்சர் கதவைத் தள்ளித் திறந்து அவளை வாரி எடுத்தாள். "ஏன் யாரும் என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டாள்.

மீன்தான் பதில் சொன்னான். "நாங்க அவளுக்கு ஊதினோமே டீச்சர்."

மருத்துவர் இரண்டு விரலுக்குத் தையல் போட்டார். எலும்பு தப்பியது, ஒரு நகம் போயிற்று. ஊசி போடும்போதும் குடை அழவில்லை. "தைரியசாலி," என்று மருத்துவர் சொன்னபோது டீச்சருக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. அவர்மேல் தப்பில்லை. அறை வாங்க வேண்டிய ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் நட்சத்திரங்களைக் குப்பையில் போட்டாள். வெட்டிய படியைக் கதையில் திரும்பச் சேர்த்தாள். வலித்தால் முதலில் கத்தணும், கூப்பிடணும், பெரியவங்ககிட்ட சொல்லணும், அதுக்கப்புறம்தான் பூ என்று தினமும் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தபடி தலையாட்டினார்கள். கிளிப்புகள் அமைதியிலேயே கிடந்தன. புகுத்தியதைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமா? இந்தக் குழந்தைகளுக்கு நாளை வேறு எங்கோ, வேறு ஏதாவது நடந்தால்? யாராவது ஏதாவது செய்துவிட்டால்? அப்போதும் இப்படியே சிரித்துக்கொண்டு நின்றால்?

கட்டோடு குடை திரும்பி வந்தாள். நேராகச் சுவருக்குப் போய் அமைதி முகத்தில் கிளிப்பை மாட்டினாள். கட்டு உரசியதில் தோள் வெடவெடத்தது, சிரிப்பு மட்டும் அசையவில்லை.

டீச்சர் தனக்கென்று ஒரு கிளிப் எடுத்தாள். எல்லோரும் பார்க்க அதைப் பயம் முகத்தில் மாட்டினாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "அன்னைக்கு உன் கையைப் பார்த்ததுலேருந்து பயமா இருக்கு. அழுகையா வருது. நான் ஆயாகிட்ட சொல்லப் போறேன்." வாசலைப் பார்த்து, "ஆயா, எனக்கு அழுகை வருது," என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். துருப்பிடித்த குழாய் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆயா வாளியைப் போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுங்க டீச்சர், நான் இருக்கேன்," என்றாள்.

மற்ற பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடை மட்டும் கிட்டே வந்து, டீச்சரின் கன்னத்து ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அழுதா நீங்க கோச்சுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்டா கண்ணு. ஒருநாளும் மாட்டேன்."

குடையின் வாய் ஓரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. உதடு பிதுங்கியது. "கை வலிக்குது," என்றாள். பிறகு வீறிட்டாள். சுவர் அதிர்கிற வீறல். ஆமை தேம்ப ஆரம்பித்தான், மீன் ஓவென்று அழுதான், அந்த அழுகை அறை முழுக்கப் பிடித்துக்கொண்டது. பெரிய டீச்சர் வராந்தாவில் ஓடிவந்து, "என்ன ஆச்சு, நிறுத்தச் சொல்லுங்க," என்றாள்.

"அழட்டும்," என்றாள் டீச்சர், திரும்பாமலே.

குடையை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து வீறல் விம்மலாகித் தணிந்தது. இப்போதுதான் இரண்டு பேரும் சேர்ந்து பூவை மோந்தார்கள்.

"இனிமே வலிச்சா என்னைக் கூப்பிடணும், சரியா? கதவு அடிச்சப்போ கூப்பிட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேன்ல?"

குடை அவளை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்த விஷயத்தையே டீச்சர் கேட்கிறாளே என்கிற பார்வை.

"கூப்பிட்டேனே டீச்சர்," என்றாள். "உள்ளுக்குள்ள. ரொம்ப நேரம் கூப்பிட்டேன்."