சொல்லாமல் உதைத்த கார்

கார் வந்த பிறகும் குதிரை வண்டியை விடாத அந்தக் காலத்து ஆட்களை நான் கிண்டல் செய்ததுண்டு.

ஜகரண்டா பூக்கள் கனவுபோல் உதிர்ந்த ஒரு பெங்களூர்க் காலையில், தோழி ஸ்டெல்லாவின் நூறு வயதுக் காரைக் கிளப்ப, அதன் மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பிடித்தேன்.

“கட்டைவிரலை மடக்காதடி, கைப்பிடி திருப்பி உதைச்சா உடைஞ்சிரும்,” என்றாள் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா.

சுற்றினேன். இன்ஜினுக்குள் பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே தீப்பொறி விழுந்து பெட்ரோல் ஆவி வெடித்தது. பிஸ்டன் பின்வாங்க, கைப்பிடி எதிர்ப்பக்கம் சீறித் திரும்பியது. விரல் மயிரிழையில் தப்பியது.

“ஐயோ, ஸ்பார்க்கைத் தாமதமாக்குற லீவரைத் தள்ள மறந்துட்டேன்டி!”

தள்ளினாள். மறு சுற்றில் கார் உறுமி எழுந்தது. பானெட்டில் கிடந்த ஊதாப் பூக்கள் மெல்ல நடுங்கின.

“ஏறு, ஒரு ரவுண்டு போலாம்.”

குதிரையாவது உதைக்கும் முன் காதை மடக்கிக் காட்டும்.

“நீ போ. நான் நடந்தே வரேன்.”