நடுவில் நின்றவர்

எங்கள் ஊர் ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவரை எல்லாரும் டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, அவருக்கே சந்தேகம் என்று கேலி பேசுவார்கள். ஒற்றை ஆள். முன்னறையில் கேமரா, விளக்கு. பின்னறையில் கம்ப்யூட்டர், ஸ்கேனர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பகலிலும் அந்த அறை இருட்டுதான். வெளிச்சம் அடித்தால் திரையில் நிறம் பொய் சொல்லும் என்பார். செத்தவர்களுக்குக் கண் திறந்து விடுவார், சேர்ந்து படம் எடுக்காத புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைப்பார். யாரையாவது எடுத்துவிடச் சொல்லி வந்தால் மட்டும், "ஆள் உயிரோட இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் படத்தைக் கையில் வாங்குவார்.

நான் முப்பது வருஷமாகப் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அப்போது ஒரு வீட்டில் எண்பத்திரண்டு வயது அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகம் கலைந்துவிட்டது. பசி என்பதே மறந்துபோயிற்று. எதிர்ச் சுவரில் குடும்பப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் ஊட்டுவேன். வீட்டுக்காரருக்கு ஒரு வாய், மூத்தவருக்கு ஒரு வாய் என்று ஐந்து முகத்துக்கு ஐந்து வாய்க் கஞ்சி. பிறகு மறுபடி முதலிலிருந்து. அதை விட்டால் மூக்கில் குழாய்தான், வேறு வழி கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிக்கல் மூன்றாவது வாயில் வந்தது. சின்ன மகன் முகத்துக்கு வந்ததும், "அவன் எங்க, ஏன் வரல" என்று ஆரம்பித்து அழுவார். அண்ணனும் தம்பியும் வீட்டை விற்ற விவகாரத்தில் முறைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மூத்தவர் வீட்டில் தம்பி பேச்சே எடுக்கக் கூடாது.

யோசனை சொன்னது நான்தான், ஒளிப்பானேன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மிரளும் நோயாளிக்குக் கண்ணாடியை மூடிவிடுவோம். கலங்க வைக்கிற பொருளை அப்புறப்படுத்து என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தம்பி அந்தப் படத்தில் இல்லாவிட்டால் அம்மா கேட்க மாட்டார் என்றேன். மூத்தவர் அன்றைக்கே படத்தைக் கழற்றிவிட்டார்.

ஸ்டூடியோவுக்கு நானும் கூடப் போனேன். டச்சப் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இருக்கான், எங்கயோ" என்றார் மூத்தவர்.

"ஓரத்துல நின்னிருந்தா கத்திரிக்கோல் போதும்ண்ணே. உங்க தம்பி நடுவுல இல்ல நிக்கிறாரு."

படத்தில் அப்பாவும் அம்மாவும் நாற்காலியில். பின்னால் மூத்தவர், நடுவில் சின்னவர், ஓரத்தில் மகள். சின்னவரின் கை அம்மா தோளில். மகளின் வலது கை அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

தாள் சொரசொரப்பான பழைய தாள். ஒருமுறை ஸ்கேன் செய்தால் புள்ளி புள்ளியாக மினுங்கும் என்று, தலைகீழாகத் திருப்பி இன்னொருமுறையும் செய்து இரண்டையும் ஒன்றாக்கினார். பிறகு வேலையை எனக்குக் காட்டினார். கண்ணாடித் தாளை அடுக்கின மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக லேயர்கள். சின்னவர் நின்ற இடத்தில் திரைச்சீலை வேண்டும். பக்கத்துத் திரைச்சீலையையே துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒரே மடிப்பு திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். அந்தப் படம் எடுத்ததும் இதே ஸ்டூடியோவில்தான், அன்றைய திரைச்சீலை பரணில் இருந்தது. அதைத் தொங்கவிட்டு, அதே பக்கத்திலிருந்து விளக்கு வைத்துப் படமெடுத்துச் சேர்த்தார்.

அப்போது மகளுக்கு ஒரு கை குறைந்தது.

"அக்கா, உங்க கையைக் கொஞ்சம் குடுங்க."

வலது கையைத் தொங்கவிட்டு நின்றேன். எடுத்தார். நரம்பையும் சுருக்கத்தையும் மழுப்பி, நிறத்தை ஒத்துவர வைத்து, மகளின் தோளில் பொருத்தினார். என் சுண்டுவிரல் ஒரு கிழவரைத் தூக்கும்போது முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. அது அப்படியே இருந்தது. இருக்கட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

பிரேம் போட்டு மாட்டினோம். அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு மூத்தவர் சட்டையைக் காட்டி, "சின்னவன் இங்கதான் நிக்கிறான். தெரியுதே" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். மூத்தவரின் வெள்ளைச் சட்டையில் ஒரு தலையும் தோளும் நிழலாக விழுந்திருந்தன. நிழலுக்கு உரிய ஆள் இல்லை. அம்மாவின் தோள்துணியில் நான்கு விரல் அழுத்திய பள்ளமும் அப்படியே இருந்தது.

படத்தைத் திரும்பக் கொண்டுபோனதும் டச்சப் தலையில் அடித்துக்கொண்டார். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி வைத்து வேலை செய்திருக்கிறார். அவ்வளவு கிட்டத்தில் நிழல் வெறும் துணி மடிப்பு மாதிரிதான் தெரியும். நிழலை எடுத்தார். பள்ளத்தை நிரப்பினார். கடைசியில் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். முகம் அடையாளம் தெரியாதபோதுதான் தப்பு தெரியுமாம்.

"அண்ணே, அம்மா சாஞ்சிருக்காங்க" என்றார்.

உண்மைதான். அந்தக் கைப்பக்கமாகத் தலையை லேசாகச் சாய்த்து, கண்ணையும் அந்தப் பக்கம் ஓட்டியிருந்தார் அம்மா. இப்போது அங்கே யாரும் இல்லை. வெற்றுத் திரைச்சீலையிடம் எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

"நிமித்திரு" என்றார் மூத்தவர்.

"நிமித்தலாம். அப்புறம் இது யாருன்னு கேக்காதீங்க."

நிமிர்த்தினார். கருவிழியை நேராக்கினார். மூத்தவர் பழைய படத்தை வாங்கிக் கொல்லைப்புறத்தில் கொளுத்தினார். கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

புதுப் படத்தை அம்மா பார்த்தார். வீட்டுக்காரரை, மூத்தவரை, மகளைச் சரியாகச் சொன்னார். சின்னவரைக் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் மெதுவாக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நாற்காலில உக்காந்திருக்கிற பொம்பள யாரு? என்னையே பாக்குறா."

நீங்கள்தானம்மா என்றேன். நம்பவில்லை. அவள் பார்க்கும்போது சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். படத்தைத் திருப்பி வைத்தால், சுவர்ப்பக்கமாக முகம் வைத்துக்கொண்டு அவள் ஒட்டுக் கேட்கிறாள் என்றார். கழற்றி அடுத்த அறையில் வைத்தால் அடுத்த அறையில் இருக்கிறாள் என்றார். இரண்டு நாள் ஸ்பூன் தண்ணீர்தான் உள்ளே போனது. மூன்றாம் நாள் காலை டாக்டர் குழாய்க்கு நாள் குறித்துவிட்டுப் போனார்.

நானும் மூத்தவரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். கொளுத்திவிட்ட படத்தைக் கேட்க மூத்தவர் என்னை முன்னால் விட்டார். நான்தான் கேட்டேன்.

"நான் யாரையும் அழிக்கிறதில்லக்கா. உயிரோட இருக்கிறவங்கள மறைச்சுத்தான் வெப்பேன்."

ஒவ்வொரு லேயருக்கும் ஒரு மறைப்பு உண்டாம். கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் தெரியும். சுட்டியை நகர்த்தி வெள்ளை பூசினார். முதலில் அம்மா தோளில் நான்கு விரல் வந்தது. பிறகு கை, சட்டை, கழுத்து. கடைசியாக முகம். மூத்தவர் இருட்டில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அம்மாவின் தலை சாய்ந்தது. நிழல் அவர் சட்டைக்குத் திரும்பியது.

சாயங்காலத்துக்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினோம். அந்த அவசரத்தில் டச்சப் ஒரு லேயரை மூட மறந்துவிட்டார். மாட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். சின்னவரின் விலாவில், சட்டைக்கு மேலே, பின்னாலிருந்து யாரோ நீட்டின மாதிரி ஒரு கை. சுண்டுவிரல் கோணல்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். நாற்காலியில் இருப்பவளைப் பார்த்து, "இது நான்" என்றார். வாயைத் திறந்தார். ஐந்து வாய் ஆயிற்று. மூத்தவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கான வாய் வந்தபோது அவன் எங்கே என்று அம்மா கேட்டார். "வரச் சொல்றேம்மா" என்றார் மூத்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டே.

நான் மறுபடி வீட்டுக்காரரிடமிருந்து தொடங்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிச் சுண்டுவிரலில் நிறுத்தினார்.

"அவன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறவ இன்னும் சாப்பிடல" என்றார். ஸ்பூனை என் வாய்ப்பக்கம் தள்ளினார்.

வேலை நேரத்தில் நான் நோயாளியின் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அன்று ஒரு வாய் வாங்கிக்கொண்டேன். உப்பு குறைவாக இருந்தது. டச்சப் பிறகு வந்து அந்தக் கையை எடுத்துத் தருவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று நான்தான் அனுப்பிவிட்டேன். அம்மா ஆறு வாய் எண்ணப் பழகிவிட்டார். அதை இனி யார் மாற்றுவது. அந்தச் சுவரைக் கடக்கும்போது மட்டும் நான் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவேன்.