அம்மாவின் நாற்காலி நகர்ந்தது

பொதுமக்கள் கவனத்துக்கு: இன்று நானும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிவிட்டோம். பட்டாசு வேண்டாம்.

இடம் பாலக்காட்டில் ஒரு குடும்ப கவுன்சிலிங் அறை. பிரச்சினை, நான் கொச்சி ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதா, எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பொள்ளாச்சி காலேஜுக்கு பஸ் ஏறுவதா என்பது.

வீட்டில் எங்கள் பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான். அங்கேயும் அப்பா, "அவனக் கேளு சாந்தி" என்றுதான் ஆரம்பித்தார்.

கவுன்சிலர் மேடம் அம்மாவின் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினார்.

"இனி நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி, கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். சொன்னவர் 'ஆமா, அதுதான்'னு ஒத்துக்கணும்."

மிமிக்ரி பண்ணுகிற எனக்கு இதெல்லாம் தூசு. ஹெட்மாஸ்டர் குரலில் பேசி ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்: "நீ கொச்சிக்குப் போனீன்னா அப்பறம் இந்த ஊட்டுக்குத் திரும்ப மாட்டே."

"போகக் கூடாதுங்கறீங்க."

"நானெங்கடா அப்பிடிச் சொன்னேன்?"

"என்னைய நம்பலைங்கறீங்க."

"அதுவுமில்லீடா."

அம்மா வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். அதற்குள் நேரம் முடிந்தது. வீட்டில் தினமும் பத்து நிமிஷம் இதே மாதிரி பழகிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா நடுவில்.

"சாரலடிக்குது, சன்னலச் சாத்தச் சொல்லு அவன."

"சாத்தீட்டேன்னு சொல்லும்மா."

உங்கள் வீட்டில் நடுவில் உட்காருவது யாருங்க?

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சொன்னது எனக்கு முதல் தடவையே புரிந்தது. அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால், அடுத்து "வருவேன்" என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். எவன் குரலில் முயன்றாலும் அது வரவில்லை.