எந்த ஷிப்டும் சரி

பூவிழியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனசில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வந்து சேர நேரமே ஆகாது. பள்ளிக்கூடத்தில் அந்த வாயால் அவள் வெளியே நின்ற நாட்கள் ஏராளம். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள், இனி வெளியே நிறுத்த ஆளில்லை என்று அவள் அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா மாதேஷ் தக்காளித் தோட்டத்துக்காரர். மகளை ஓசூர் கம்பெனிக்கு அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டார். ஊரில் நாலைந்து பெண்கள் ஏற்கெனவே அங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அடுத்த வாரம் வேன் வரும், இவளும் ஏறிவிட வேண்டியதுதான். பூவிழிக்கு ஓசூர் போகவே பிடிக்கவில்லை. காரணத்தை வெளியே சொல்ல வெட்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? எல்லாவற்றையும் பட்டென்று பேசிவிடுகிறவள் இந்த ஒன்றை மட்டும் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

"இங்கயே ஒரு வேலை கெடச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேன் வர்றதுக்குள்ள கெடச்சா பாக்கலாம்" என்றார் மாதேஷ். கிடைக்காது என்பது அவருக்கு நிச்சயம்.

பக்கத்து டவுனான மாரண்டஹள்ளியின் கடைவீதியில் நிர்மலா ரெடிமேட்ஸ் வாசலில் ஒரு போர்டு தொங்கியது. விற்பனைக்குப் பெண்கள் தேவை, வாட்ஸ்அப் செய்யவும் என்று போட்டு கீழே நம்பர். பூவிழிக்கு உயிர் வந்தது. உடனே தர்மபுரியில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மாமா மகன் அருண்குமாருக்கு போன் போட்டு, என்ன எழுதுவது என்று கேட்டாள். அவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

"எந்த ஷிப்டுனாலும் ஓகேன்னு போடு. கஸ்டமர்கிட்ட பொறுமையா பேசுவேன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. இல்லாட்டி கூப்புடவே மாட்டாங்க."

"எங்கூருக்கு ஏழு மணியோட பஸ்ஸு இல்லயே?"

"அதெல்லாம் வேலைக்குச் சேந்தப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உள்ள போ."

அவன் சொன்னபடியே அம்மாவின் போனில் எழுதினாள்.

"வணக்கம் மேடம். என் பெயர் பூவிழி. இந்த வருடம் பிளஸ் டூ முடித்துள்ளேன். தங்கள் கடையில் விற்பனைப் பெண் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். எந்த ஷிப்டாக இருந்தாலும் வரத் தயார். கஸ்டமரிடம் எப்போதும் பொறுமையாகப் பேசுவேன். யாரிடமும் கோபப்பட மாட்டேன். வாய்ப்பு தரவும்."

அந்த போனில் நிர்மலா ரெடிமேட்ஸ் என்று ஏற்கெனவே ஒன்று இருந்தது. அம்மா அங்கே புடவை எடுத்த நாளில் கடைக்காரம்மா சேர்த்துவிட்ட குரூப் அது. புதுச் சரக்கு வந்தால் படம் போடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் துணி எடுக்கிற பெண்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். பூவிழி பேரைப் பார்த்தாள், கடைதானே என்று நினைத்தாள், அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய கையோடு யாரோ ஒருத்தி கைகூப்பும் பொம்மை போட்டாள். அடுத்தவள் வாழ்த்துக்கள் என்றாள். அப்போதுதான் பூவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழிக்கப் போனாள். பதற்றத்தில் விரல், எல்லாரிடமிருந்தும் அழி என்பதை விட்டுவிட்டு என்னிடமிருந்து மட்டும் அழி என்பதில் பட்டது. அவள் கண்ணுக்கு மட்டும் மெசேஜ் காணாமல் போனது. மற்ற அத்தனை பேர் போனிலும் அது குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது.

பிறகு வந்ததெல்லாம் பதில்கள்தான். அவள் ஊர்க்காரி ஒருத்தி, "நம்ம மாதேஷ் அண்ணன் பொண்ணா? ராத்திரி ஷிப்டுக்கு எப்புடிப் போவ பாப்பா, பஸ்ஸே இல்லயே?" என்று அக்கறையாகக் கேட்டு மானத்தை வாங்கினாள். அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. பக்கத்து ஊர் ரோசம்மாள். காய்கறி மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலை, தினமும் ஏழு மணி பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்.

"அடி யம்மா! யார்கிட்டயும் கோவப்பட மாட்டாளாம்! போன சந்தயன்னிக்கு பஸ்ஸுல சன்னல் வழியா பைய போட்டு எடம் புடிச்சிருந்தா. கால் வலிக்குதேன்னு அத நகத்திட்டு உக்காந்தேன். அதுக்கு என்ன பேச்சுப் பேசுனா தெரியுங்களா? என்னை எழுப்பி வுட்டுட்டுத்தான் மறுவேல பாத்தா. நிர்மலாம்மா, பாத்து எடுங்க!"

பூவிழி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அழுகை முட்டியது. அந்த இடத்தை அவள் பிடித்தது தனக்காக இல்லை, மூட்டையோடு வந்த அம்மாவுக்காக. ஆனால் பேசியது பேசியதுதான், அதில் ஒரு சொல்கூட ரோசம்மாள் சேர்த்துச் சொல்லவில்லை. மானம் போனது ஒரு பக்கம், வேலை போனது ஒரு பக்கம். ஓசூர் வேன் வாசலில் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "வுடு கண்ணு, நாலு நாள்ல மறந்துருவாங்க" என்றாள்.

அங்கேதான் பூவிழி பூவிழியாக இருந்தாள். ஊரே பார்க்கப் பொய் எழுதியாகிவிட்டது, அதைத் திருத்துவதும் ஊரே பார்க்கத்தான் என்று ஒரு வீம்பு வந்தது அவளுக்கு. நேராகத் தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே, "தீவாளி நேரம் மட்டும்னா வண்டியில வந்து கூட்டிக்கிறேன். தெனமும் முடியாது" என்றார். அது போதும் அவளுக்கு. வரப்பிலேயே உட்கார்ந்து, இந்த முறை யாரையும் கேட்காமல், அதே குரூப்பில் எழுதினாள்.

"மேடம், நான் பூவிழி. முதலில் எழுதியதில் இரண்டு விஷயம் உண்மை இல்லை. எங்கள் ஊருக்கு ஏழு மணிதான் கடைசி பஸ். காலையில் கடை திறப்பதிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, எந்த நாளும் வருவேன். ராத்திரி ஷிப்ட் முடியாது. தீபாவளி சமயம் மட்டும் கடை மூடும் வரை இருப்பேன், அப்பா வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வரும். ரோசம்மாள் அம்மா சொன்னது நிஜம். அவர்களுக்குக் கால் வலி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். கடையில் வேலை பார்த்த அனுபவம் இல்லை. கஸ்டமர் சத்தம் போட்டால் எதிர்த்துப் பேசாமல் உங்களைக் கூப்பிடுவேன். துணி எடுக்காமல் போனாலும் முகம் கோணாமல் மடித்து வைப்பேன். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலேயே பதில் சொல்வேன்."

குரூப்பில் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "எடுத்துக்குங்க நிர்மலாக்கா." "நல்ல புள்ளைங்க." "இவ இருந்தா நான் ரெண்டு சுடிதார் சேத்தி எடுக்கறேன்." ரோசம்மாளிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

நிர்மலா மறுநாளே கூப்பிட்டனுப்பினார். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள் பூவிழி. மாதேஷ் கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். கல்லாவில் இருந்த நிர்மலா அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"உன்னால எம் போனு சூடாயிப் போச்சு. ஆனா கண்ணு, உண்மையச் சொல்லிடறேன். காலைல ஆள் இருக்குது. போர்டு வச்சதே ராத்திரி ஷிப்டுக்குத்தான். மத்தியானம் பன்னெண்டுலருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும். உனக்கு ஆகாதுன்னு நீயே எழுதிட்ட. நேர்ல சொல்லோணும்னுதான் வரச் சொன்னேன். தப்பா எடுத்துக்காத."

"சரிங்க" என்றாள் பூவிழி. இதற்கு அருண்குமார் சொன்னபடியே பொய்யோடு நின்றிருக்கலாமே என்று அந்த நிமிஷம் நினைத்தாள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

அவள் செருப்பைப் போடத் திரும்பியபோது சுடிதார் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அந்த ஷிப்ட நான் பாத்துக்கறேங்க."

காவேரி. நாலு வருஷமாகக் காலை ஷிப்டில் இருக்கிறவள். வீடு கடைக்குப் பின்தெருவில். நிர்மலா திரும்பிப் பார்த்தார். "நீயா? உனக்குக் காலையிலதான தோது?"

"நான் எப்பங்க்கா அப்புடிச் சொன்னேன்? சேரும்போது கேட்டீங்க, எந்த ஷிப்டும் சரின்னேன். நீங்க காலையிலன்னு போட்டீங்க. காலையிலதான் கொழாயில தண்ணி வருது, பையன ஸ்கூலுக்குக் கெளப்போணும். அரக்கப் பரக்க ஓடியாறேன். சாயங்காலம்னா அவரு வூட்டுக்கு வந்துருவாரு, பையனப் பாத்துக்குவாரு. எந்த ஷிப்டும் சரின்னு சொன்ன வாயால எப்புடி மாத்திக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்." காவேரி பூவிழியைப் பார்த்தாள். "இவ எழுதுனதப் படிச்சப்பறந்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

"நாலு வருஷம் கழிச்சுச் சொல்ற பாரு" என்று நிர்மலா காவேரியைக் கடிந்துகொண்டார். அந்தக் கண்டிப்பில் வருத்தம்தான் இருந்தது. "நாளைக்குக் காலைல ஒம்பதரைக்கு வந்துரு" என்று பூவிழியிடம் சொன்னார். வாசலில் மாதேஷ் ஓசூருக்கு போன் போட்டு வேனில் ஓர் இடம் காலி என்று சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவர் குரலில் இருந்த சந்தோஷம் பூவிழிக்குக் கேட்டுவிட்டது. மகளை அனுப்பிவிட்டு அவர் மட்டும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா என்ன?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ரோசம்மாள் கடைக்கு வந்தார். நேராகப் பூவிழியிடம் வந்து, "நைட்டி காட்டு" என்றார். ஒன்று காட்டினாள், கழுத்து பெரிசு. இன்னொன்று, சாயம் போகும். அடுத்தது, பூ பெரிசு. அலமாரியில் இருந்ததெல்லாம் மேஜைக்கு வந்து குன்றாகக் குவிந்தது. கடைசியில், "ஒண்ணும் புடிக்கல" என்று எழுந்தார். பூவிழியின் நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"சரிங்கம்மா. வியாழக்கெழம புதுசு வருதுங்க, வந்து பாருங்க."

ரோசம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பூவிழி ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். முகம் கோணவில்லை, ஆனால் காது சிவந்துதான் இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சரியான கூட்டம். நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின. முண்டியடிக்கத் தெம்பில்லாமல் கடைசியாக ஏறினாள். எல்லா இடமும் நிறைந்திருந்தது. ரோசம்மாளுக்குப் பக்கத்து சீட்டில் மட்டும் ஆள் இல்லை, ஒரு காய்கறிப் பை உட்கார்ந்திருந்தது. பையைப் பார்த்ததும் பூவிழி முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். போதும், ஒரு தடவை பட்டது போதும்.

"என்னடி மரம் மாதிரி நிக்கற?" ரோசம்மாளின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "பைய எடுத்துட்டு உக்காரு. உனக்குத்தான் சன்னல் வழியாப் போட்டு வச்சேன். நாள் பூரா நின்னுருப்பியே."

பூவிழி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியதும் ரோசம்மாள் முழங்கையால் அவளை இடித்தார்.

"ரெண்டாவதா ஒரு பச்ச நைட்டி காட்டுனியே, அத எனக்கு எடுத்து வையி."

"அத அடியில வச்சுட்டேங்களே!"

"தோண்டி எடு" என்றார் ரோசம்மாள்.