யூசர் எண்ட் என்று மூடிய புகார்கள்

மருத்துவமனைப் பதிவுகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் சின்ன நிறுவனம் எங்களுடையது. அலுவலகம் சிம்மக்கல்லில், மொத்தக் கடைகளுக்கு மேல் மாடியில். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊழியர்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதால், வீட்டு லேப்டாப்பிலிருந்து எங்கள் சர்வருக்கு விபிஎன் வழியாகத்தான் வர வேண்டும். பதிவுகள் அந்த மூடிய பாதையில்தான் திறக்கும்.

புகார் வந்தால் பார்த்துவிட்டு மூட வேண்டும். மூடும்போது காரணமாக மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம்: சர்வர் எண்ட், யூசர் எண்ட், தானாகச் சரியானது. எங்கள் சர்வரில் கோளாறு இல்லையென்றால் யூசர் எண்ட். என்னைப் பொறுத்தவரை அதற்கு அர்த்தம், நம் பக்கம் இல்லை என்பது மட்டும்தான். சர்வருக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு போன் கம்பெனி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. இடம் இல்லையே என்று எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. சீக்கிரம் மூடுகிறவன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அவனியாபுரத்தைத் தாண்டி வயல்காட்டு ஊரிலிருந்து ஒரு பெண் வேலை பார்த்தாள். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள். அந்த ஊருக்கு கேபிள் இணைப்பு வரவில்லை, அதனால் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை. ஒரே மாதத்தில் நான்கு முறை புகார் கொடுத்தாள். விபிஎன் சேருகிறது, சற்று நேரம் ஓடுகிறது, பிறகு பதிவு திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்து அறுந்துபோகிறது என்றாள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொன்னேன். வேகம் நன்றாகவே இருந்தது. சர்வர் பதிவேட்டில், அவள் பக்கமிருந்து பதில் நின்றுபோனதால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று இருந்தது. நான்கு முறையும் யூசர் எண்ட் என்று மூடினேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு அவளை நிறுத்தப்போவதாகச் சொன்னார். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு நெட் மேல் பழி போடுகிறாள் என்பது அவர் முடிவு. ஆதாரம் என்ன என்று கேட்டேன்.

"யூசர் எண்டுன்னு நாலு தடவ நீங்கதான எழுதியிருக்கீங்க" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை அவர் அப்படிப் படிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. ஒருநாள் கொடுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். புறப்படுவதற்கு முன் சர்வரில் இன்னும் மூன்று வழி திறந்துவைத்தேன். எங்கள் விபிஎன் அதுவரை யுடிபி என்ற அனுப்பும் முறையில், 1194 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், மட்டும் ஓடியது. அதோடு யுடிபியை 443லும், டிசிபி என்ற வேறு முறையை 1194லும் 443லும் ஏற்பாடு செய்தேன். முறையும் போர்ட்டும் ஒரே நேரத்தில் மாறினால், எதனால் சரியானது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

வியாழக்கிழமை முற்பகல் அவள் வீட்டுக்குப் போனேன். நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவள் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

முதலில் விபிஎன் இல்லாமல், எங்கள் சர்வரிலிருந்தே ஒரு பெரிய சோதனைக் கோப்பை இறக்கினேன். மளமளவென்று இறங்கியது. ஸ்பீட் டெஸ்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது விபிஎன்னுக்குள் போகாத போக்குவரத்தைத்தான் அளந்திருந்தது. அதை வைத்து விபிஎன்னுக்குத் தீர்ப்பு எழுதியவன் நான்.

அதே கோப்பை விபிஎன் வழியாக, பழைய யுடிபி 1194ல் இறக்கினேன். சில விநாடி ஓடியது. பிறகு சொட்டுச் சொட்டாக வந்து நின்றேவிட்டது. தகவலைத் துண்டுகளாக்கி அனுப்பும் பாக்கெட்டின் அளவு பெரிதாகி மாட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும், அதனால் அளவைக் குறைத்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை. யுடிபியை 443க்கு மாற்றினேன். அதே கதை. அப்படியென்றால் போர்ட் மட்டும் காரணம் இல்லை. பிறகு டிசிபியைப் பழைய 1194லேயே வைத்தேன். கோப்பு நிற்காமல் கடைசிவரை இறங்கியது. 443லும் இறங்கியது.

தற்செயலாக அந்த நேரம் டவரில் கூட்டம் குறைந்திருக்கலாம் என்று, யுடிபி, டிசிபி என்று மாற்றி மாற்றி மூன்று சுற்று ஓட்டினேன். மூன்றிலும் யுடிபி திணறியது, டிசிபி ஓடியது. என் சிம் வேறு கம்பெனி. அதைப் போட்டால் பழைய யுடிபியே ஒழுங்காக ஓடியது. அவளுடைய கம்பெனி வேண்டுமென்றே நெரிக்கிறதா, அவர்கள் கருவியில் ஏதாவது கோளாறா, அது எனக்குத் தெரியாது. அந்த சிம்மில் எங்கள் விபிஎன் யுடிபியில் போனால் திணறுகிறது, டிசிபியில் போனால் பிழைக்கிறது என்பது மட்டும் உறுதி. அவள் லேப்டாப்பை டிசிபியிலேயே விட்டுவிட்டு, சிக்னல் மோசமான இடத்தில் டிசிபியும் இழுக்கும் என்பதையும் அவளிடம் சொல்லிவைத்தேன்.

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தேன். தவறு என்னுடையது, நான்கு புகாரையும் திறந்து திருத்தி எழுதப்போகிறேன் என்றேன். அவர், திங்கட்கிழமை வழக்கம்போல் லாகின் செய்யச் சொல்லுங்கள் என்றார்.

அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் சீட்ட விட்டு எந்திரிக்கவே மாட்டேன். தண்ணி குடிக்கக்கூட போறதில்ல. நான் போகவும் நெட்டு வந்துட்டா என்ன செய்றதுன்னு" என்றாள்.

மன்னித்துவிடு என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் யோசனை வேறு எங்கோ இருந்தது.

"எனக்கு முன்னாடி எங்க டீமுல ஒரு அக்கா இருந்தாங்கல்ல. அவுகளுக்கும் இதே கம்பெனி சிம்முதான்" என்றாள்.

அலுவலகம் திரும்பியதும் அந்த அக்காவின் பழைய புகார்களை எடுத்தேன். ஆறு இருந்தன. அதே வரிகள், அதே யூசர் எண்ட், மூடியவர் இடத்தில் என் பெயர். கடைசிப் புகாருக்கு அடுத்த வாரம், துரத்துவதற்கு முன் வேலையை விடுவதாகத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு மேலும் எத்தனை இருக்கும் என்று தேட அன்று எனக்குத் தைரியம் இல்லை.

அவருடைய எண்ணுக்கு அடித்தேன். யார் என்று சொன்னதும் மரியாதையாகத்தான் பேசினார். நடந்ததை எல்லாம் சொன்னேன். உங்கள் இணைப்பு அறுந்தது உங்களால் இல்லை, எழுதியதில் தப்பு என்னுடையது என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் நான் வேல நேரத்துல தூங்கிட்டேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டிருக்காரு" என்றார். "இங்கதான் இருக்காரு. அவருகிட்டயும் இத அப்படியே சொல்லுங்கண்ணே."

போன் கைமாறியது. ஓர் ஆணின் குரல், "சொல்லுங்க" என்றது. நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.