கோல்கீப்பர் அந்தோணி இரண்டு தடவை சொன்ன நன்றி

போன வாரம் பிலிமத்தலாவையில் பஸ் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தைலம் தேய்க்கத் தொடங்கினார். பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. நான் மட்டும் ஆழமாக இழுத்து மூச்சு விட்டேன். எனக்கு அது உதைபந்தாட்டத்தின் வாசம்.

நானும் விளையாடியவன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்டியில் கந்தோரொன்றில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், எங்கள் கந்தோர் உதைபந்தாட்ட அணியில் என் பொறுப்பு இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவது. அதிலும் காயப்பட்டவன் நான்.

அணியின் கோல்கீப்பர் அந்தோணியண்ணன். மடுல்கெல்லைத் தோட்டத்து ஆள். தேசிய அணிக்காகக் கொழும்புக்குப் போய், மாற்று ஆளாக மைதானத்து ஓர வாங்கிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியவர். நாற்பது தாண்டி முழங்கால் மக்கர் பண்ணியபோது, போதும் என்றார். பிரியாவிடைக் கூட்டத்துக்கு மைக் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பழம் வெட்டியவனுக்குப் பதவி உயர்வு.

சிக்கல் நன்றியுரையில் இருந்தது. அண்ணனுக்குப் பயிற்றுநர்கள் இரண்டு பேர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பந்து பிடிக்கப் பழக்கியவர் ராமையா மாஸ்டர். கண்டிக்கு வந்தபின் அணியில் சேர்த்துச் செதுக்கியவர் சிங்களவரான பண்டார சேர். ஒரு இறுதியாட்டத்தில் எதிரணிக்காரன் தனியாகப் பந்தோடு வர, கோலுக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் “முன்னால போடா” என்று கத்த, பக்கக்கோட்டிலிருந்து சேர் “நில்லு, நில்லு” என்று கத்த, அண்ணன் பாதி தூரம் போய் நின்றுவிட்டார். பந்து தலைக்கு மேலால் மெதுவாகப் போய் வலைக்குள் விழுந்தது. கிண்ணம் போனது. பெரியவர்கள் இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது யார் பெயரை முதலில் சொன்னாலும் மற்றவர் எழும்பிப் போய்விடுவார்.

“ரெண்டு பேருல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் இவரு ஒரு கெழமைக்குச் சோறு திங்க மாட்டாரு தம்பி. பாத்துக்கங்க” என்றார் அண்ணனின் மனைவி மேரியக்கா.

நான் படித்தவன் அல்லவா? பெயர்களை எழுத்து வரிசைப்படி சொல்லலாம் என்றேன்.

“எழுத்து வரிசையிலயா தம்பி நான் பந்து புடிச்சேன்?” என்றார் அண்ணன்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையின் ஒரு நுனியில் மாஸ்டர், மறுநுனியில் சேர். கொழும்புத் தெரிவாளர்களை அண்ணன் நாலு வார்த்தை கிழிப்பார் என்று பின்வரிசை சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. அவரோ, “வாங்குல குந்தியிருந்தப்பதான் ஆட்டத்த முழுசாப் பாத்தேன். ஓசி டிக்கெட்டு. அவங்களுக்கும் நன்றி” என்றார்.

அடுத்த நன்றி மேரியக்காவுக்கு. கல்லும் மண்ணுமான மைதானத்தில் பாய்ந்து விழும்போது முழங்கை தேயாமலிருக்க, ஜேர்ஸிக்குள் பஞ்சு வைத்துத் தைத்தவர் அவர். “பஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் சொல்றேன். எம் புள்ளைங்க தலகாணி வருசா வருசம் மெலிஞ்சிக்கிட்டே போச்சு.” பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு பயிற்றுநர்களின் முறை.

தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், முதலில் பண்டார சேருக்கு நன்றி சொன்னார். மூலையை அடைத்து நிற்பதையும், உதைப்பவனின் காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்ப்பதையும் அவர் பழக்கியதைச் சொன்னார். அடுத்துத்தான் மாஸ்டர். மாஸ்டர் கதிரையை லேசாகப் பின்னுக்குத் தள்ளினார். மேரியக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அண்ணன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அதே உரையைச் சிங்களத்தில் ஆரம்பித்தார். எங்கள் ஊர்க் கூட்டங்களில் எல்லாமே இரண்டு தடவை நடக்கும். இந்தத் தடவை முதல் நன்றி ராமையா மாஸ்டருக்கு. தேயிலைத் தூள் சாக்கை விரித்து, விழப் பழக்கிய கதை. சிங்களக்காரர் நிறைந்த அந்தச் சபை, தோட்டத்து வாத்தியாருக்காகக் கைதட்டியது. அதற்குமுன் தமிழர்கள் சேருக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே.

கடைசியாக இரண்டு மொழியிலும் ஒன்றைச் சொன்னார். “அன்னைக்கு ரெண்டு பேரு சொன்னதும் சரி. பந்து வந்தா முடிவெடுக்க வேண்டியது கீப்பர். நான் எடுக்கல. கிண்ணம் என்னாலதான் போச்சு.”

மாஸ்டர் எழும்பினார். வாசல் பக்கம் போகாமல் மறுநுனிக்குப் போய், சேருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, “இருந்தாலும் முன்னால போயிருக்கணும்” என்றார்.

“பைத்தியமா மாஸ்டர்? நின்னிருக்கணும்” என்றார் சேர்.

தேநீர் ஆறும்வரை அது ஓயவில்லை. பணிஸைப் பந்தாகவும் கோப்பையைக் கோலாகவும் வைத்து இருவரும் கோலை மறுபடி மறுபடி வாங்கினார்கள்.

இருவரும் இப்போது இல்லை. அந்த மைதானத்தில் வாகனங்கள் நிற்கின்றன. சென்ற மாதம் ஒரு ஆட்டக்காரப் பையனின் பிரியாவிடையைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். நல்ல பையன், எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லி முடித்தான். யாரும் கதிரையைத் தள்ளவில்லை. தன் பெயர் முதலில் வரவில்லை என்று முறுக்கிக்கொள்ள அவனுக்கு ஒரு கிழவர்கூட வாய்க்கவில்லையே என்று எனக்குத்தான் பாவமாக இருந்தது.