ஐந்து விநாடியும் ஒரு காசுமாலையும்

விஜிலாவுக்குக் கடிதம் எழுதுவதுதான் பிழைப்பு. தூத்துக்குடியில், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக எழுதுகிறாள். அவள் அனுப்பிய கடிதம் எதுவும் ‘விவரம் போதாது’ என்று திரும்பி வந்ததில்லை. பட்டியலில் இல்லாத சரக்கு துறைமுக கேட்டைத் தாண்டாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். வீட்டிலும் அவள் அதே கறார்தான். பெண் பார்க்க வந்தவர்கள், முதலில் சீர்ப் பட்டியலில் சொல்லாத ஸ்கூட்டரைப் பிறகு மெதுவாகக் கேட்டார்கள். அவர்கள் கையிலிருந்த காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டாள். வாய்க்காரி என்றது தெரு. சொல்லிவிட்டுப் போகட்டும், தெருவா சோறு போடுகிறது?

அவள் தம்பி ஆன்றோ ஐந்து கூட்டாளிகளோடு உப்பளத்தைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தான். நடித்தவள் ஆறுமுகத்தாய். ஆறுமுகநேரிப் பக்கம் நிஜமாகவே உப்பு வாருகிறவள். செப்டம்பர் கடைசியில் இன்னும் நாலு நாள் படப்பிடிப்பு பாக்கி இருந்தது, கேமரா வாடகைக்குக் கையில் காசில்லை. மழை விழுந்தால் உப்பளம் கரைந்துவிடும். அப்புறம் அடுத்த கோடைக்குத்தான் படம். அதற்குள் கூட்டாளிகள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று ஆன்றோவுக்குத் தெரியும்.

அதனால் விஜிலா ஒரு நகைக்கடைக்குக் கடிதம் எழுதினாள். படக்குழுவின் பெயர் போட்ட தாள், ஒரே பக்கம். கதை நாலு வரியில். மீதி நாட்கள், அவற்றின் செலவு, கேட்கும் தொகை அறுபதாயிரம், ரசீது உண்டு. பதிலுக்கு, படத்தின் பெயர் வருமுன் ‘இணைந்து வழங்குபவர்’ என்று கடையின் பெயரும் சின்னமும் முழுத்திரையில் ஐந்து விநாடி. சுவரொட்டியிலும் பெயர். கீழே அக்கா, தம்பி இருவர் கையெழுத்தும்.

நகைக்கடை ராஜதுரை அண்ணாச்சி இருவரையும் எதிரே உட்காரவைத்துக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். நல்ல மனுஷர், கோயில் கொடைக்கும் கோப்பைப் போட்டிக்கும் இல்லையென்று சொல்லாதவர்.

“எழுத்து சுத்தமா இருக்கும்மா. அறுபதாயிரம் என்ன, ஒரு லட்சமே தாரேன். ஒரு சின்ன காரியம். அந்தப் பொம்பள உப்பு வாரும்போது கழுத்துல நம்ம காசுமாலை கிடக்கட்டும். வெயிலுக்கு என்ன மினுக்கு மினுக்கும் தெரியுமா?”

ஆன்றோ அக்காவைப் பார்த்தான். “ஒரே ஒரு ஷாட்டுதானக்கா,” என்றான் தாழ்ந்த குரலில்.

விஜிலாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆறுமுகத்தாயின் பாதத்தில் உப்பு அரித்த புண்ணுக்குப் போன வாரம் மருந்து வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

“அண்ணாச்சி, கழுத்துல காசுமாலை கிடக்கவ எதுக்கு உப்பு வாரப் போறா?”

“சினிமாதானம்மா. யாரு கேக்கப் போறா?”

“அவளே கேப்பா. கடுதாசியில எழுதுனது எங்க திரையில அஞ்சு விநாடி. அது எங்களுது, கொடுக்கோம். அவ கழுத்து எங்களுது இல்ல. இல்லாத சரக்க நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.”

“அப்போ நமக்கு ஒத்து வராது,” என்றார் அண்ணாச்சி. கோபமில்லாமல்தான் சொன்னார். விஜிலா கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே வந்ததும் ஆன்றோ கத்தினான். படத்தைக் கொன்றுவிட்டாள் என்றான். அவன் சொன்னது பொய்யாகவும் தெரியவில்லை. பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் திரும்பி நடக்கவில்லை.

கூட்டாளிகள் சேர்ந்து போட்ட காசில் கேமரா ஒரு நாளைக்கு மட்டும் கிடைத்தது. மற்ற மூன்று நாளும் ஆன்றோவின் செல்போனில் எடுத்தார்கள். விஜிலா விடுப்பு போட்டுவிட்டு, வெளிச்சத்தை முகத்தில் திருப்பும் வெள்ளித் தகட்டைத் தூக்கிக்கொண்டு உப்பளத்தில் நின்றாள். நாலாம் நாள் சாயங்காலம் கடைசிக் காட்சி முடிந்து, சாமான்களை வேனில் ஏற்றும்போது முதல் தூறல் விழுந்தது. ஆன்றோ அக்கா கையிலிருந்த தகட்டை வாங்கிக்கொண்டான்.

தை மாசம் மாதாகோயில் பங்குமண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். அழைப்பிதழை விஜிலாவே நகைக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணாச்சியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. முழுத்திரையில் ‘இணைந்து வழங்குபவர்’ என்று வந்தது. அதன் கீழே, கடைப்பெயர் வர வேண்டிய இடத்தில், ‘ஆறுமுகத்தாய், உப்பளத் தொழிலாளி’ என்று இருந்தது. பின்வரிசையில் உப்பளத்துப் பெண்கள் கையைத் தட்டியதில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. அடுத்து வந்தது அவள் முகமும் வெறுங்கழுத்தும், வியர்வையோடு.

படம் முடிந்ததும் அண்ணாச்சி விஜிலாவிடம் வந்தார்.

“அந்தப் பேரு ரொம்ப நேரம் நின்னுச்சேம்மா.”

“இல்ல அண்ணாச்சி. எண்ணித்தான் போட்டோம். உங்களுக்குக் கடுதாசியில எழுதுன அதே அஞ்சு விநாடிதான்.”